இடப்பக்கத்து ஆறு சென்ரிமீற்றர்: விரிவுரைக் குறிப்பை நினைவில் நிறுத்தும் ஒரு வழி

உயர்தரம் வரைக்கும் நாம் எழுதிய கொப்பிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சாயல்தான். தலைப்புக்குச் சிவப்புப் பேனை, அதற்குக் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு, பிறகு சேர் சொல்லச் சொல்ல எழுத்து. ரியூசன் என்றால் வசனத்தை இரண்டு தரம் சொல்லுவார். பின்வாங்கில் இருப்பவர் தலை நிமிரும்வரை பார்த்துக்கொண்டும் நிற்பார். எதை எழுதுவது, எதை விடுவது என்ற முடிவை மாணவர் எடுக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

அந்தப் பழக்கத்தோடு வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களுக்கோ போகிறவர்களுக்கு முதல் கிழமையே திணறல்தான். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். யாரும் இரண்டு தரம் சொல்ல மாட்டார்கள். சொல்வதை எல்லாம் எழுதிவிடலாம் என்று குனிந்தால், மூன்றாவது வசனத்திலேயே கை பின்தங்கிவிடும்.

கணக்குப் பார்த்தால் அது பின்தங்கத்தான் வேண்டும். பேசுகிறவர் நொடிக்கு இரண்டு மூன்று சொல் பேசுவார். எழுதுகிற கைக்கு ஒரு சொல்லுக்கு மூன்று நொடி முதல் ஐந்து நொடி வரை தேவை. ஐம்பது நிமிட விரிவுரையில் ஆறாயிரம் சொல் பேசப்பட்டால், இடைவிடாமல் எழுதும் கை அறுநூறு முதல் ஆயிரம் சொல் வரைதான் பிடிக்கும். ஆகவே பத்தில் எட்டு, ஒன்பது பங்கை விட்டுத்தான் ஆக வேண்டும். கெட்டிக்காரருக்கும் இதே கணக்குத்தான். அவர் எதை விடுவது என்று தெரிந்து விடுகிறார். மற்றவருக்குத் தானாக விடுபடுகிறது. விடுபடுவது பெரும்பாலும் "ஏனென்றால்" என்று தொடங்கும் வசனம்தான். ஏனென்றால் அது பலகையிலும் இருக்காது, ஸ்லைடிலும் இருக்காது, வாயிலிருந்து மட்டும் வரும்.

சரி, குறிப்பு எதற்கு எழுதுகிறோம்? இந்தக் கேள்வியை 1972 இல் டி வெஸ்டா, கிரே என்ற இரண்டு ஆய்வாளர்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். குறிப்புக்கு இரண்டு வேலை உண்டு. எழுதும்போதே மூளை அந்த விடயத்தைக் கையாள்வதால் கொஞ்சம் பதியும், இது முதலாவது. எழுதி முடித்த தாள் ஒரு சேமிப்பாகக் கிடக்கும், பிறகு எடுத்துப் பார்க்கலாம், இது இரண்டாவது. அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், எழுதுவதால் மட்டும் கிடைக்கும் பயன் சிறியது. எழுதியதைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் பெரிய வித்தியாசம் தெரிகிறது. "நான் எழுதினாலே பதிஞ்சிடும்" என்று சொல்கிறவர்கள் நம் மத்தியில் நிறைய. எழுதியதில் சிறு பங்கு பதியும், உண்மைதான். பரீட்சைக்கு அது போதாது.

கையால் எழுதுவதா, லப்டொப்பில் தட்டுவதா என்ற சண்டையையும் இங்கேயே முடித்துவிடலாம். 2014 இல் முல்லரும் ஒப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வில், தட்டச்சு செய்தவர்கள் பேச்சைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்தார்கள். கருத்தை விளங்கிப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்களை விடப் பின்தங்கினார்கள். இந்தச் செய்தி உலகமெல்லாம் பரவியது. 2021 இல் ஹெதர் உரியும் அவரது குழுவும் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, சொல்லுக்குச் சொல் எழுதும் பழக்கம் அப்படியே தெரிந்தது. ஆனால் வினாவிடையில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. ஆகவே கருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம்மவர்களுக்கு லப்டொப்பை விடப் போன்தான் பெரிய பிரச்சினை என்பது என் எண்ணம். ஸ்லைடைப் போட்டோ எடுத்துவிட்டால் மனம் "வேலை முடிந்தது" என்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் போட்டோ வாட்ஸ்அப் குழுவில் இருநூறு படங்களுக்கு நடுவே கிடக்கும், பரீட்சைக்கு முதல் நாள் வரை யாரும் திறப்பதில்லை.

இனி முறைக்கு வருவோம். குறிப்பெடுக்கப் பல வழிகள் உண்டு: தலைப்பு, உபதலைப்பு என்று உள்தள்ளி எழுதுவது, மரக்கிளை போல வரைவது, அட்டவணை போடுவது. நான் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகத்தில் வோல்ற்றர் போக் என்பவர் 1950களில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பக்க அமைப்பு அது. அதனால் அதற்குக் கோர்னல் முறை என்றே பெயர். அதைத் தேர்ந்ததற்குக் காரணம், குறிப்பை மூடிவைத்துத் தன்னைத்தானே கேள்வி கேட்பதற்கான இடம் அதில் பக்கத்திலேயே ஒதுக்கப்பட்டிருப்பதுதான்.

A4 தாள் ஒன்றை எடுங்கள். இடது ஓரத்திலிருந்து ஆறு சென்ரிமீற்றர் தள்ளி மேலிருந்து கீழாக ஒரு கோடு. அடியிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் மேலே குறுக்காக ஒரு கோடு. வலப்பக்கத்துப் பெரிய கட்டம் விரிவுரை நடக்கும்போது எழுதுவதற்கு. இடப்பக்கத்து ஒடுங்கிய பத்தி விரிவுரை முடியும்வரை வெறுமையாக இருக்க வேண்டும். அதில் பிறகு கேள்விகள் வரும். அடிக்கட்டத்தில் இரண்டு மூன்று வசனத்தில் அந்தப் பக்கத்தின் சாரம். சி.ஆர். கொப்பியில் எழுதுகிறவர்கள் தாளை வாங்கத் தேவையில்லை. விரிவுரைக்கு முதல் ஒரு நாலைந்து பக்கத்துக்குக் கோடு போட்டு வைத்தால் போதும்.

இப்போது ஒரு விரிவுரையை எடுத்துக்கொள்வோம். விவசாய பீடத்து முதலாமாண்டு மாணவி ஒருவர் மண்ணியல் வகுப்பில் இருக்கிறார். வீடு வட்டக்கச்சிப் பக்கம், அப்பா இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். விரிவுரை, நீர் நிற்கும் வயலில் போடும் யூரியாவுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. ஸ்லைடில் இருப்பது ஒரு படமும் நாலைந்து சொல்லும்தான். விரிவுரையாளர் பேசுவதைத் தமிழில் சுருக்கினால் இப்படி வரும்:

"தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் மண்ணை ஒரே பொருளாக நினைக்கக் கூடாது. மேலே சில மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு படை இருக்கும். தண்ணீரில் கரைந்த ஒட்சிசன் அந்த அளவுக்குத்தான் எட்டும். அதற்குக் கீழே ஒட்சிசன் இல்லை. நீங்கள் யூரியாவைத் தண்ணீருக்கு மேலே விசிறினால் அது அமோனியமாக மாறும். மேற்படையில் ஒட்சிசன் இருப்பதால் பற்றீரியா அந்த அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும், இது நைட்ரிஃபிகேசன். அமோனியம் நேரேற்றம் உள்ளது, களி மறையேற்றம் உள்ளது, ஆகவே அமோனியம் களியில் ஒட்டி நிற்கும். நைத்திரேற்று மறையேற்றம் உள்ளது. ஒட்டாது, தண்ணீரோடு கீழே இறங்கும். கீழே ஒட்சிசன் இல்லை அல்லவா? அங்கே இருக்கிற பற்றீரியா நைத்திரேற்றில் இருக்கும் ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுகிற நைதரசன் வாயுவாகி வெளியே போய்விடும், இது டீநைட்ரிஃபிகேசன். இது ஒரு வழி. இன்னொரு வழி, பகலில் தண்ணீரில் இருக்கிற அல்கா காபனீரொட்சைட்டை எடுத்துவிடும், pH ஏறும், அமோனியம் அமோனியா வாயுவாகி நேராகக் காற்றுக்குப் போகும். அதனால்தான் தண்ணீரை வடித்துச் சேற்றில் யூரியாவைக் கலந்துவிட்டுப் பிறகு நீர் கட்டச் சொல்கிறோம்."

சொல்லுக்குச் சொல் எழுத முயன்றவரின் கொப்பியில் முதல் மூன்று வசனம் முழுதாக, அழகாக இருக்கும். நாலாவது பாதியில் நிற்கும். அதற்குப் பிறகு "நைட்ரிஃபிகேசன்", "டீநைட்ரிஃபிகேசன்" என்ற இரண்டு சொற்கள் தனியாகக் கிடக்கும். கடைசியில் யூரியாவைச் சேற்றில் கலக்க வேண்டும் என்ற முடிவு. காரணம் எங்கும் இல்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தால், எழுதியவருக்கே அது புதிராக இருக்கும்.

விடவேண்டியதை அறிந்து விட்டவரின் வலப்பக்கக் கட்டம் இப்படி இருக்கலாம்:

வயல் மண் 2 படை. மேல் சில மி.மீ.: O₂ உண்டு. கீழ்: O₂ இல்லை
மேலே: யூரியா → NH₄⁺ → NO₃⁻ (பற்றீரியா, O₂ வேணும்)
NH₄⁺ களியில் ஒட்டும். NO₃⁻ ஒட்டாது → நீரோடு கீழே
கீழே: பற்றீரியா NO₃⁻ இன் O எடுக்கும் → N₂ → காற்று
2ஆம் வழி: பகல், அல்கா CO₂ எடுக்கும் → pH கூடும் → NH₃ → காற்று
ஆகவே: நீர் வடி, சேற்றில் கல, பிறகு நீர் கட்டு

ஐம்பது சொல் அளவில் முழுக் கதையும் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று பாருங்கள். அம்புக்குறி "மாறுகிறது, அதனால்" என்ற இரண்டுக்கும் வேலை செய்கிறது. பெயர்களுக்குப் பதில் குறியீடு. ஸ்லைடில் இருக்கிற படத்தை அவர் வரையவில்லை, ஏனென்றால் ஸ்லைடின் பிடிஎஃப் எப்படியும் கிடைக்கும். ஸ்லைடில் இல்லாத "ஏன்" மட்டும் கையில் பிடிபட்டது. தமிழும் ஆங்கிலமும் குறியீடும் கலந்து கிடக்கிறது, அதைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்கிற வேகத்தில் எந்த மொழியில் விளங்குகிறதோ அந்த மொழியில் எழுதுவதுதான் சரி. பாடச் சொற்களை மட்டும் விரிவுரையில் கேட்டபடியே ஆங்கிலத்தில் வையுங்கள். வகுப்பில் இருந்துகொண்டே அவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடினால் அடுத்த இரண்டு வசனம் காதில் விழாது.

ஒரு சொல் பிடிபடாமல் போனால்? ஒரு கோடு இழுத்து இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் உடனே திரும்பிக் கேட்டால் இரண்டு பேருக்கும் போய்விடும். விரிவுரையாளர் பலகையை அழிக்கும்போதோ, புரொஜெக்டர் மக்கர் பண்ணும்போதோ கேட்டு நிரப்பலாம். இப்படியான சின்ன இடைவெளிக்கு ஆய்விலும் ஆதாரம் உண்டு. 1987 இல் றூல் என்பவரும் வேறு இருவரும் செய்த ஆய்வில், விரிவுரையின் நடுவே மூன்று தரம் இரண்டிரண்டு நிமிடம் நிறுத்தி, மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு குறிப்பை ஒப்பிட்டுப் பார்க்க விட்டார்கள். அந்த வகுப்பு, நிறுத்தாமல் கேட்ட வகுப்பை விட உடனேயும் கூடுதலாக நினைவுகூர்ந்தது, கடைசி விரிவுரைக்குப் பன்னிரண்டு நாள் கழித்து வைத்த பரீட்சையிலும் நன்றாகச் செய்தது. நம் விரிவுரையாளர்கள் எல்லோரும் நிறுத்துவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் வகுப்பு முடிந்த கையோடு கன்ரீனுக்கு நடக்கும் வழியில் இரண்டு நிமிடம் கொப்பியை ஒப்பிட யார் அனுமதியும் தேவையில்லை.

இடப்பக்கத்துப் பத்திக்குப் போவோம். உண்மையான வேலை இங்கேதான். அன்று பின்னேரம், அல்லது பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்து சாப்பிட்டபின், பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்து வலப்பக்கத்தை வாசித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே ஒரு கேள்வி எழுத வேண்டும். அந்தக் கேள்விக்கு வலப்பக்கத்தில் இருப்பது பதிலாக இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் தரம் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

டீநைட்ரிஃபிகேசன் என்றால் என்ன?
இரண்டு படைகள் எவை?

இவை தவறு இல்லை, ஆனால் மெலிந்தவை. ஒரு வரி வரைவிலக்கணத்தை ஒப்புவித்தால் முடிந்துவிடும். கதையின் கண்ணிகள் எதையும் இவை தொடவில்லை. மாணவி கொஞ்சம் யோசித்து எழுதியது இது:

மேலே விசிறிய யூரியா கீழ்ப்படைக்கு எந்த உருவத்தில் போகிறது? ஏன் அந்த உருவத்தில் மட்டும்?
கீழே O₂ இல்லாதபோது பற்றீரியா என்ன செய்கிறது?
இரவை விடப் பகலில் NH₃ இழப்பு ஏன் கூட?
சேற்றில் கலந்தால் எந்த இழப்பு குறையும்? எப்படி?
வயலுக்கு யூரியாவுக்குப் பதில் நைத்திரேற்றுப் பசளை போட்டால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வியைப் பாருங்கள். விரிவுரையில் அதற்கு நேரடிப் பதில் இல்லை. ஆனால் நைத்திரேற்று ஒட்டாது, கீழே போய் வாயுவாகும் என்று விளங்கியவருக்குப் பதில் தானாக வரும்: போட்டதில் பெரும் பங்கு வீணாகும். இப்படி ஒரு கேள்வியாவது ஒரு பக்கத்தில் எழுத முடியவில்லை என்றால், அந்தப் பக்கம் இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம். எழுத வராத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, அடுத்த வகுப்பில் விரிவுரையாளரிடமோ சீனியர் அக்கா, அண்ணாமாரிடமோ கேட்கலாம்.

அடுத்த நாள், ஒரு அட்டையாலோ இன்னொரு கொப்பியாலோ வலப்பக்கத்தை மூட வேண்டும். இடப்பக்கக் கேள்வியை மட்டும் பார்த்து, பதிலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் அல்லது வேறு தாளில் எழுத வேண்டும். மனதுக்குள் "ம், தெரியும்" என்று தலையாட்டுவது கணக்கில் இல்லை. நம் மாணவி முதலாவது கேள்விக்கு "நைத்திரேற்றாகப் போகும்" என்கிறார். சரி. ஏன் அது மட்டும் போகிறது என்ற இடத்தில் நின்றுவிட்டார். அட்டையை விலக்கிப் பார்க்கிறார்: களியில் ஒட்டாது. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் பேனையால் ஒரு புள்ளி வைக்கிறார். இரண்டாவது, மூன்றாவது தடங்கலில்லை. நாலாவதில் "இரண்டு இழப்பும் குறையும்" என்று சொன்னார், எப்படி என்பதில் பாதிதான் வந்தது: தண்ணீரில் யூரியா இல்லாவிட்டால் அல்காவால் வரும் இழப்பு குறையும் என்பது வந்தது, ஒட்சிசன் இல்லாத படையில் அமோனியம் நைத்திரேற்றாக மாறாமல் களியில் ஒட்டி நிற்கும் என்பது வரவில்லை. அதற்கும் புள்ளி. மொத்தம் எட்டு நிமிடம் போயிருக்கும். அடுத்த தடவை புள்ளி போட்டவற்றிலிருந்து தொடங்கலாம்.

அடிக்கட்டத்துச் சாரத்தை இதற்குப் பிறகு, மேலே பார்க்காமல் எழுதுவது நல்லது என்பேன். முதல் நாளே வலப்பக்கத்தைப் பார்த்து எழுதினால் அது வெறும் பிரதி.

மூடிவைத்துச் சொல்வது ஏன் இவ்வளவு முக்கியம்? ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006 இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை நன்றாகக் காட்டும். மாணவர்களுக்குச் சிறு பாடப்பகுதிகளைக் கொடுத்தார்கள். சில பகுதிகளை இரண்டு தரம் வாசித்தார்கள். வேறு சிலவற்றை ஒரு தரம் வாசித்துவிட்டு, மூடிவைத்து நினைவில் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தரம் வாசித்தவைதான் முன்னுக்கு: 81 சதவீதம், மற்றவை 75. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழ்: இரண்டு தரம் வாசித்தவற்றில் 42 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவற்றில் 56. இவ்வளவுக்கும் எழுதியது சரியா பிழையா என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதன் தொடர்ச்சியாகச் செய்த இன்னொரு சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்த குழுதான் "எனக்கு ஒரு கிழமைக்குப் பிறகும் நன்றாக நினைவிருக்கும்" என்று கூடுதலாக நம்பியது. ஒரு கிழமைக்குப் பிறகு குறைவாக நினைவு வைத்திருந்ததும் அவர்களேதான். பரீட்சைக்கு முதல் இரவு கொப்பியை நாலு தரம் புரட்டி, எல்லாம் பழக்கமாகத் தெரிய, நிம்மதியாகப் படுப்பவர்கள் இந்தக் குழுவில்தான் சேருவார்கள். கண்ணுக்குப் பழக்கமான பக்கம் வேறு, வெறும் தாளில் எழுத வருவது வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி மூடிப் பார்ப்பதுதான். மஞ்சள் ஹைலைட்டர் பூசுவதும் இந்தப் பழக்க உணர்வைத்தான் கூட்டுகிறது. 2013 இல் டன்லொஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, கோடிடுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயனுள்ளவை என்ற வரிசைக்குப் போயின. தன்னைத்தானே சோதிப்பதும், நாட்களை இடைவிட்டுப் படிப்பதும் கூடிய பயனுள்ளவை என்ற வரிசையில் வந்தன.

இங்கே இன்னொரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்: வகுப்பில் கிறுக்கியதை வீட்டில் வடிவாகத் திருப்பி எழுதுவது. அதற்குச் சிலர் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுப்பார்கள். பார்த்து எழுதும்போது கண்ணும் கையும் வேலை செய்கின்றன, நினைவிலிருந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை. கொப்பி அழகாக வரும், நேரம் போய்விடும். விடுபட்டதை நிரப்புவதற்காகத் திருத்துவது வேறு விடயம். அதைக் கிறுக்கிய தாளிலேயே வேறு நிறப் பேனையால் செய்யலாம்.

எத்தனை தரம், எப்போது மூடிப் பார்ப்பது? அடுத்த நாள் ஒரு தரம், நாலைந்து நாள் கழித்து ஒரு தரம், இரண்டு மூன்று கிழமை கழித்து இன்னொரு தரம். இது கல்லில் எழுதிய கணக்கு இல்லை. இடையில் கொஞ்சம் மறந்துபோக விட வேண்டும், முழுதாக மறக்கவும் விடக் கூடாது. எல்லாக் கேள்விக்கும் தடங்கலே இல்லாமல் பதில் வந்தால் அடுத்த இடைவெளியைக் கூட்டலாம். பாதிக்கு மேல் புள்ளி விழுந்தால் நீங்கள் பிந்திவிட்டீர்கள். கடைசிச் சுற்றில் மட்டும் ஒரு மாற்றம் செய்யுங்கள்: அதுவரை தமிழில் சொன்ன பதிலை ஆங்கிலத்தில் முழு வசனமாக எழுதுங்கள். பரீட்சை ஆங்கிலத்தில்தானே. விடயம் தெரிந்தும் வசனம் வராமல் பரீட்சைப் புள்ளி இழப்பவர்கள் நம் பக்கத்தில் குறைவில்லை. விளக்கத்தையும் மொழியையும் ஒரே நாளில் சேர்த்துப் பிடிக்கப் போனால் இரண்டும் நழுவும். முதலில் விளக்கத்தை எந்த மொழியிலாவது உறுதிப்படுத்திவிட்டால், ஆங்கில வசனம் அமைப்பது தனி வேலையாகிவிடும்.

இந்த முறை எங்கே உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொறியியல் கணிதத்தில் ஒரு சமன்பாட்டைப் படிபடியாகத் தீர்க்கும் வகுப்பில் இடப்பக்கக் கேள்விக்கு அதிக வேலை இல்லை. அங்கே வலப்பக்கத்தில் கணக்கை மட்டும் எழுதி, பதிலை மூடிவிட்டு அதே கணக்கை வெறும் தாளில் திரும்பச் செய்ய வேண்டும். இடப்பக்கத்தில் "இந்தப் படியில் ஏன் இதைப் பிரதியிட்டார்?" என்று ஒன்றிரண்டு எழுதினால் போதும். உடற்கூற்றியல் போன்ற படங்கள் நிறைந்த பாடத்தில் பெயரில்லாத படத்தைப் பிரதி எடுத்துப் பெயரிட்டுப் பார்ப்பது இதை விட நல்லது. வேகமாகத் தாவித் தாவிப் பேசும் விரிவுரையாளர் என்றால் கோடு போட்ட பக்கம் குழம்பித்தான் போகும். அந்த வகுப்பில் எப்படியாவது எழுதிவிட்டு, பின்னேரம் கேள்வியை மட்டும் தனித்தாளில் எழுதலாம்.

கோர்னல் பக்கத்தைத் தனியாக வைத்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. சிலவற்றில் உதவியிருக்கிறது, சிலவற்றில் சாதாரணக் குறிப்புக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. கோடு போட்டவர்கள் எல்லோரும் மூடிப் பார்ப்பதில்லை. யாருடைய கொப்பியையாவது வாங்கிப் பாருங்கள்: முதல் இரண்டு பக்கத்தில் இடப்பத்தி நிறையக் கேள்வி இருக்கும். மூன்றாவதில் கேள்விக்குப் பதில் உபதலைப்பு இருக்கும். ஐந்தாவது பக்கத்திலிருந்து வெறுமை. பத்தி இருந்தும் புள்ளி ஒன்றுகூட இல்லாத கொப்பி மூடப்படாத கொப்பி. அடிமட்டத்தால் கோடு இழுக்கச் செலவான நேரம் மட்டும்தான் அங்கே மிச்சம்.

ஏற்கெனவே செமஸ்டரின் பாதி போய்விட்டது, கையில் இருப்பது சீனியர்மார் கொடுத்த போட்டோக்கொப்பி நோட்ஸ் மட்டும்தான் என்றாலும் தொடங்கலாம். எல்லா விரிவுரைக்கும் திரும்பிப் போக முயலாதீர்கள். பழைய வினாத்தாள்களை எடுத்து, அடிக்கடி வரும் நாலைந்து தலைப்பை மட்டும் தெரிவு செய்யுங்கள். போட்டோக்கொப்பியின் ஓரத்தில் பெரும்பாலும் கேள்வி எழுதும் அளவுக்கு இடம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆறு சென்ரிமீற்றர் அகலத் தாள் துண்டு ஒன்றை இடப்பக்கமாகப் பின் பண்ணி, அதில் உங்கள் கேள்விகளை எழுதுங்கள். நோட்ஸ் வேறொருவருடையதாக இருக்கலாம், கேள்வி உங்களுடையதாக இருக்க வேண்டும். கேள்வி எழுத முடியாத பக்கம் வந்தால், அந்த சீனியர் அதை எழுதும்போது என்ன விடுபட்டது என்று அவரையே போய்க் கேட்கலாம்.